தேடி கிடைக்கலன்னா அடுத்து என்ன டைப் பண்றீங்க? பார்த்தது, பட்டது எல்லாம் சொல்லுங்க

தேடல்காரன்

நான் வேலை பாக்குறது வீட்டு சாமான், ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆன்லைன் கடைல, அங்க சர்ச் பாக்ஸ்ல ஜனங்க என்ன டைப் பண்றாங்கன்னு லாக் பாத்து சரி பண்றதுதான் என் பொழப்பு. தனித்தனியா ஒவ்வொரு தேடலா பாத்தா ஒண்ணும் புரியாது, ஒரே ஆள் அடுத்தடுத்து என்ன மாத்தினார்னு வரிசையா பாத்தாதான் கதை தெரியும், அந்த வரிசைய நாங்க செஷன்னு சொல்லுவோம். யாருன்னு தெரியிற மாதிரி எதுவும் இல்லாம ஒண்ண மட்டும் போடறேன், கடைசி நம்பர் எத்தனை பொருள் வந்துச்சுங்கறது.

```
19:42:08  mixie chutney jar bottom washer 750w   0
19:42:31  mixie chutney jar bottom washer        0
19:42:47  mixie jar washer                       0
19:43:05  washer                               214
19:44:40  washer rubber                          9
19:46:12  mixie gasket                           3  order
```

எங்க சர்ச் அப்போ டைப் பண்ற எல்லா வார்த்தையும் பொருளோட பேர்லயோ விவரத்துலயோ இருந்தாதான் காட்டும், ஒண்ணு இடிச்சாலும் பூஜ்யம். மிக்ஸின்னா மிக்ஸர்னு அதுக்கு சொல்லி வச்சிருந்தோம், அதனால அது பிரச்சனை இல்ல. பிரச்சனை `washer`தான், ஏன்னா எங்க கேட்டலாக்ல அந்த சாமானுக்கு `gasket`னு பேரு, போதாக்குறைக்கு யாரோ முன்னாடியே வாஷர்னா வாஷிங் மெஷின்னு எழுதி வச்சிட்டு போயிருக்காங்க.

இப்போ அந்த ஆள் என்ன பண்ணார் பாருங்க. வாட்ஸ தூக்கினார், சட்னிய தூக்கினார், அடியிலங்கறத தூக்கினார், கடைசில மிக்ஸியவே தூக்கிட்டார், ஆனா குத்தவாளி வார்த்தைய மட்டும் விடவே இல்ல! நான் பாக்குற பாதி லாக் இப்படித்தான் இருக்கு. மனசுல அந்த சாமானோட பேரு வாஷர், அத எப்படி விடுவாங்க, அலங்கார வார்த்தைகளத்தான் கழட்டுவாங்க. அப்புறம் 214 வாஷிங் மெஷின் வந்து நின்னதும் திரும்ப ஒரு வார்த்தை சேத்து குறுக்குறார், ரப்பர்னு. அதுக்கு வந்த ஒம்பதுல வாஷிங் மெஷின் கதவு ரப்பர் இருக்கு, அது பேர்ல `door gasket`னு போட்டிருக்கு. அந்த வார்த்தைய அங்கேருந்து எடுத்துட்டு போய்தான் மிக்ஸி கேஸ்கெட்னு அடிக்கிறார். அதாவது தப்பான ரிசல்ட்தான் சரியான வார்த்தைய குடுத்துச்சு. எனக்கு இந்த இடம் ரொம்ப பிடிக்கும்.

உங்களுக்கு இந்த மாதிரி நடந்தது இருந்தா எழுதுங்க.

சும்மா_சுரேஷ்

ஆமா ப்ரோ எனக்கும் இந்த செஷன் தொல்லை தாங்கல, டிக்கெட் புக் பண்றப்ப பேரு வயசு எல்லாம் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள செஷன் எக்ஸ்பயர்டுன்னு வெளிய தள்ளிடுது, திரும்ப முதல்லேருந்து. இதுக்கு எதாவது வழி இருக்கா?

தேடல்காரன்

அது வேற செஷன் சுரேஷ் 😄 அது லாகின் நேரம். நாங்க செஷன்னு சொல்றது ஒரே தேவைக்காக ஒருத்தர் அடுத்தடுத்து தேடுறத. பொதுவா நடுவுல 30 நிமிஷம் எதுவும் பண்ணலன்னா அதோட வெட்டிடுவோம், அது ஒரு வசதிக்குத்தான். சாயங்காலம் போன்ல தேடி விட்டுட்டு காலைல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தொடர்றவர எங்க லாக் ரெண்டு ஆளாத்தான் பாக்கும்.

கூகுள்_கோபி

இதெல்லாம் எதுக்கு தலைவலி, எவ்வளவு நீளமா டைப் பண்றோமோ அவ்வளவு நல்ல ரிசல்ட், நான் முழு வாக்கியமா கேப்பேன், எப்பவும் கரெக்டா வரும். வரலன்னா இன்னும் நாலு வார்த்தை சேப்பேன். சின்னதா தேடுறவங்களுக்குத்தான் குப்பை வரும்.

தேடல்காரன்

கூகுள்ல நீங்க சொல்றது பெரும்பாலும் சரி கோபி, அங்க எல்லா வார்த்தையும் கட்டாயம் இருந்தே ஆகணும்னு இல்ல, விட வேண்டியத அதுவே விட்டுடும், மேற்கோள் குறிக்குள்ள போட்டாதான் பிடிவாதம் பிடிக்கும். அதே பழக்கத்தோட சின்ன கேட்டலாக்குக்கு வர்றப்பதான் அடி. வார்த்தை கூடக்கூட பூஜ்யம் நெருங்குது, ஆனா இவங்க பூஜ்யம் வந்ததும் இன்னும் விளக்கமா சொன்னா புரிஞ்சுக்கும்னு ஒண்ணு சேக்குறாங்க. மாடல் நம்பர் போடறது, ஊர் பேர் போடறது, ஒருத்தர் `please`னு போட்டிருந்தார் பாவம்.

நூலகத்துக்காரி

நான் மெடிக்கல் காலேஜ் லைப்ரரில இருக்கேன். மெடிக்கல் பேப்பர் தேடுற பப்மெட் தளத்துல தேட வர்ற பிஜி பசங்ககிட்ட தினம் பாக்குறது இதுதான், ஆனா எங்க ஊரு நோய் வேற. ஒரு பொண்ணு கர்ப்பிணிகளுக்கு வர்ற ஸ்க்ரப் டைபஸ் பத்தி தேடினா. முதல்ல அப்படியே மேற்கோள் குறி போட்டு:

```
"scrub typhus in pregnant women"
```

வந்தது சொற்பம். உடனே மேடம் இந்தியால யாரும் எழுதவே இல்லன்னு முடிவு கட்டிட்டா. மேற்கோள் போட்டா அந்த சொற்கள் அதே வரிசைல ஒட்டி இருக்கணும், அது மட்டுமில்ல, பப்மெட் தானா செய்யிற ஒரு உதவியும் நின்னு போயிடும். குறி இல்லாம அடிச்சா அது நம்ம வார்த்தைய அவங்க பாடத்தலைப்பு பட்டியலோட பொருத்தி பாத்து அதையும் சேத்தே தேடும், வேற பேர்ல எழுதின பேப்பரும் மாட்டும். குறிய எடுக்க சொன்னேன், நிறைய வந்துச்சு, இப்போ ஐயோ இவ்வளவான்னு அடுத்த கோடிக்கு போயி ரெண்டு வார்த்தையும் பேப்பரோட தலைப்புல மட்டும் இருக்கணும்னு போட்டா, திரும்ப சொற்பம். இப்படி ஊஞ்சல் ஆடிட்டே இருந்தா.

கடைசில நான் சொன்னது, எண்ணிக்கைய பாக்காத, வந்ததுல உனக்கு நிஜமா பொருந்துற ஒரே ஒரு பேப்பர திறந்து கீழ என்ன பாடத்தலைப்பு குடுத்திருக்காங்கன்னு பாரு. `Scrub Typhus`, `Pregnancy Complications, Infectious`னு இருந்துச்சு. அந்த ரெண்டையும் எடுத்து தேடினப்பதான் ஒரு அளவுக்கு வந்து நின்னுச்சு. உங்க ஆள் கதவு ரப்பர்லேருந்து கேஸ்கெட்ட எடுத்த மாதிரியேதான். ஆனா பப்மெட்ல இருக்கற எல்லா பேப்பருக்கும் பாடத்தலைப்பு போட்டிருக்க மாட்டாங்க, அதனால பாடத்தலைப்ப மட்டும் நம்பினா அது இல்லாதது தப்பிடும், சாதா வார்த்தையையும் `OR` போட்டு சேத்துக்கணும்.

பாட்டி_பேரன்

எங்க பாட்டி போன்ல பேசித்தான் தேடுவாங்க. வரலன்னா வார்த்தைய மாத்தவே மாட்டாங்க, அதையே இன்னும் சத்தமா, நிறுத்தி நிறுத்தி சொல்லுவாங்க. காது கேக்காதவன்கிட்ட பேசுறாங்களாம். அதுக்கு மெஷின் இன்னும் மோசமா புரிஞ்சுக்கும், பாட்டிக்கு கோவம் வரும், வீடே கலகலன்னு இருக்கும்.

கவலை_கண்ணன்

இதெல்லாம் நீங்க உக்காந்து படிக்கிறீங்கங்கறதே பயமா இருக்கு. 2006ல ஏஓஎல் கம்பெனி ஆராய்ச்சிக்குன்னு ஆறரை லட்சம் பேரோட தேடல வெளியிட்டாங்களே, பேருக்கு பதிலா நம்பர்தான் போட்டிருந்தாங்க, இருந்தும் ஒருத்தர் அடுத்தடுத்து தேடினத சேத்து பாத்தே ஆள கண்டுபிடிச்சு பத்திரிகைல வந்துச்சு. நீங்க ருசியா சொல்ற அதே வரிசைதான் அங்க வினையாச்சு.

தேடல்காரன்

மறுக்கல கண்ணன். தனி தேடல் யாரையும் காட்டிக்குடுக்காது, தொடர்தான் காட்டிக்குடுக்கும். எங்க கிட்ட யூசர் நம்பர கழட்டிட்டுதான் குடுப்பாங்க, அது போதுமான்னு கேட்டா எனக்கே முழுசா நம்பிக்கை இல்ல.

மோட்டார்_மணி

அண்ணே ஒரு விஷயம். நான் மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். நீங்க போட்ட மொத வரிய பாருங்க, ஜார் அடி வாஷர்னு தெளிவா கேட்டிருக்காரு. அது பிளேடுக்கு அடியில தண்டுல வர்ற சின்ன வாஷர், தேஞ்சா சட்னி தண்ணி கீழ கப்ளர் வழியா ஒழுகும். நீங்க குடுத்த கேஸ்கெட் மூடிக்கு போடறதா? அது மேல வர்ற வட்ட ரப்பர். ரெண்டும் வேற வேற. அவரு அத வாங்கி மாட்டிருந்தாலும் ஒழுகிட்டுதான் இருக்கும்.

தேடல்காரன்

போய் பாத்துட்டு வந்தேன் மணி, அந்த மூணுமே மூடி கேஸ்கெட்தான். அடி வாஷர் எங்ககிட்ட சரக்கே இல்ல. அதாவது அந்த ஆறு தேடல்ல ரொம்ப முக்கியமான வார்த்தை அடியிலங்கறது, அது மூணாவது வரிலயே கழண்டு போச்சு, யாருக்கும் தெரியல. லாக் ஆர்டர் போனதோட வெற்றின்னு எழுதிடும். திரும்ப அனுப்பினாரான்னு வேற டீம்கிட்ட கேக்கணும்.

கோட்_கதிர்

அப்போ எல்லா வார்த்தையும் கட்டாயம்ங்கறத தளர்த்திடலாமே, உங்க சர்ச் ஓடுற சோல்ர் மென்பொருள்ல, குறைஞ்சது எத்தனை வார்த்தை பொருந்தணும்னு சொல்ற `mm` இருக்குல்ல?

தேடல்காரன்

அப்புறம் அதான் போட்டோம் கதிர்.

```
mm=2<75%
```

ரெண்டு வார்த்தை வரைக்கும் ரெண்டும் இருக்கணும், அதுக்கு மேல முக்கால்வாசி இருந்தா போதும், பின்னம் வந்தா கீழ இறக்கிக்கும். மொத தேடல்ல ஆறு வார்த்தை, நாலு பொருந்தணும், பொருந்துறது மிக்ஸி, சட்னி, ஜார் மூணுதான், அப்பவும் பூஜ்யம். மூணாவது தேடல் மூணு வார்த்தை, ரெண்டு போதும், அது இப்போ திறந்துக்கும், ஆனா கேஸ்கெட்டோட முழு ஜார் எல்லாம் சேந்து கொட்டும். வேடிக்கை என்னன்னா அவரு இன்னும் சுருக்கி `mixie washer`னு அடிச்சிருந்தா ரெண்டும் கட்டாயம், திரும்ப பூஜ்யம். வார்த்தைய குறைச்சா நிறைய வரும்னு நம்புறவருக்கு குறைச்சதும் ஒண்ணுமே வராது, அவரு என்னன்னு நினைப்பாரு?

அதோட `jar washer`ன்னு சேந்து வந்தா `jar gasket`னு எடுத்துக்கோன்னும் எழுதினோம். மணி சொன்னதுக்கு அப்புறம் அத எடுக்கணுமான்னு யோசனையா இருக்கு, ஏன்னா நெறைய பேர் மூடி ரப்பரத்தான் வாஷர்னு சொல்றாங்க, எடுத்தா அவங்களுக்கு பூஜ்யம்.

நூலகத்துக்காரி

எடுக்காதீங்க, ஆனா கேஸ்கெட் காட்டுறப்ப மூடிக்கான்னு பெருசா போடுங்க. எங்க பசங்க ரிசல்ட்ட பாத்துத்தான் அடுத்த வார்த்தைய முடிவு பண்றாங்க.

மோட்டார்_மணி

போட்டோ போடுங்கண்ணே. பேர யாரு படிக்கிறா. அப்புறம் அடி வாஷர் வேணும்னா சொல்லுங்க, எங்க தெருவுலயே மொத்தமா கிடைக்கும், தண்டு தடிமன் மட்டும் கேட்டு வாங்கணும், கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

சும்மா_சுரேஷ்

மணி அண்ணா எங்க வீட்டு ஜாரும் ஒழுகுது, கடை எங்க இருக்கு?