நாலு படம், ஒரு மூடி: எது நல்ல சப்பாத்தி?

வட்டச்சுடர்: சமையல் வகுப்பில் சுட்ட நாலு சப்பாத்தியின் படமும் மேலே இருக்கு. நான் கையாலேயே வட்டமா தேய்ச்ச மூணாவதுதான் முதலிடம். வட்டமா இருந்தாதான் நல்லா உப்பி வரும், சிவப்பும் சமமா வரும்.

கட்டைக்காரர்: மூணாவது வட்டம் மூடி வச்சு வெட்டினது. விளிம்பைப் பெரிசு பண்ணிப் பாருங்க. கையால் தேய்ச்சா ஓரம் மழுங்கி, அங்கங்கே சின்னக் கீறல் விட்டிருக்கும். இது கத்தி வச்ச மாதிரி நேரா நிக்குது.

வட்டச்சுடர்: பொறாமை. மாவு நல்லா ஊறினா ஓரம் கீறாது.

கட்டைக்காரர்: கீறாதுதான். ஆனா மழுங்குமே? சரி, வட்டத்தை விடுங்க. அதே படத்தில் வலப்பக்கம் பிறை மாதிரி வெளுத்துக் கிடக்கே, அது என்ன? அந்தப் பக்கம் தடிப்பு. தடிச்ச இடம் வேகறதுக்குள்ள மெலிஞ்ச இடம் காய்ஞ்சிடும், அதனாலதான் பாதிதான் உப்பியிருக்கு. நாலாவது தேசப்படம் மாதிரி கோணலா இருந்தும் முழுசா பந்தாயிருக்கு. உப்ப வைக்கிறது வட்டம் இல்லை, ஒரே கனம்.

நெய்க்கிண்ணம்: மூடியில் வெட்டினா ஓரம் திறந்துக்கும், ஆவி வெளியே போயிடும். அதனாலதான் பாதி உப்பல்.

கட்டைக்காரர்: அப்போ மூடியில் வெட்டற பூரி எப்படிங்க உப்புது? வெட்டினதில் தப்பில்லை, வெட்டிட்டு "கைவட்டம்"னு சொல்றதுதான் தப்பு. ஆவி போறது எங்கயாவது ஓட்டை விழுந்தாத்தான்.

வட்டச்சுடர்: வெட்டலைன்னு எத்தனை தடவை சொல்றது?

மல்லிகை_அடுப்பு: என் சப்பாத்தி ராத்திரி ஆனா அப்பளமாயிடுதே, என்ன பண்ணலாம்?

கட்டைக்காரர்: கல்லு சூடு பத்தலை. மெதுவா வெந்தா உள்ள ஈரம் முழுக்க வத்திடும். முதல் பக்கம் சின்னக் கொப்புளம் வந்ததும் திருப்பிடணும், சுமார் 20 நொடி. மறுபக்கம் பழுப்புப் புள்ளி வர்ற வரை விட்டு, மறுபடி திருப்பி, துணியால் ஓரத்தை அமுக்குங்க. சுட்டதும் துணியில் சுத்தி மூடி வைங்க.

நெய்க்கிண்ணம்: ரெண்டாவது படத்தில் ஒரு பக்கம் மட்டும் கருகினதும் கனம்தானா, பேராசிரியரே?

கட்டைக்காரர்: இல்லை. அது தீ ஒரு பக்கம் அதிகமா பட்டது, கல்லை நகர்த்தியிருக்கணும். கறுப்புப் பொடிப்புள்ளி வேற, தேய்க்கத் தூவின மாவு உதறாம போட்டது. ஓரத்தில் மாவு மிச்சம் இருந்தா இப்படித்தான் கருகும். மூணாவதில் அதுகூட இல்லை, ஏன்னா ஓரத்தையே வெட்டி எடுத்தாச்சு.

வட்டச்சுடர்: திரும்ப வெட்டா! ரெண்டு தேய்ப்புக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பினா தானா வட்டம் வரும். அது தெரியாதவங்கதான் மூடியைத் தேடுவாங்க.

கட்டைக்காரர்: திருப்பினா கனமும் சமமா வந்திருக்குமே. அந்தப் பிறை எங்கிருந்து வந்தது? தேய்ச்ச மாவை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்ச படம் ஒண்ணு போடுங்க, தடிச்ச இடம் இருட்டா தெரியும்.

வட்டச்சுடர்: படம் கேட்டா போடுறதுக்கு நான் உங்க மாணவி இல்லை.

நெய்க்கிண்ணம்: அந்தப் பூரி விஷயத்துக்கு வர்றேன். பூரி எண்ணெயில், இது கல்லில். ரெண்டும் ஒண்ணா?

கட்டைக்காரர்: வெட்டின ஓரம் ரெண்டுலயும் ஒண்ணுதான். மூணாவது படத்தை மறுபடி பாருங்க.