தவணை மாறவில்லை, அசல்தான் குறையவில்லை

மழைக்குருவி:
மாதம் பிறந்து மூன்றாம் நாள் கைபேசியில் நினைவூட்டல் அடிக்கும். அதில் இரண்டே வரி: "தவணை 8,997. மீதி அசல் எவ்வளவு?" பணம் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். இரண்டாவது வரிக்காகத்தான் அந்த நினைவூட்டலையே வைத்திருக்கிறேன்.

கடன் பத்து லட்சம், வட்டி 9 சதவீதம், 240 மாதம். முதல் தவணையில் அசலில் கழிந்தது வெறும் 1,497. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் நோட்டில் எழுதினேன். ஓராண்டு முடிவில் மீதி அசல் 9,81,273. பதின்மூன்றாம் மாதம் 1,637 கழியும் என்று பென்சிலால் குறித்திருந்தேன், கழிந்ததோ 820. தவணை மட்டும் அதே 8,997.

விசாரித்தால், என்னுடையது மாறும் வட்டிக் கடன், வட்டி 10 சதவீதமாகிவிட்டதாம். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டியிருக்கிறார்கள். பாக்கியிருந்த 228 மாதம் 289 ஆகிவிட்டது. ஐந்தாண்டுக்கு மேல்! நோட்டு இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அரைச்சம்பளம்:
இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்குத்தான் போகும். தவணை ஏறாதவரை நஷ்டமில்லை.

பழைய காசாளர்:
முதல் பாதி சரி, தம்பி. ஆனால் வட்டி விகிதம் மாறாதவரை அசலுக்குப் போகும் பங்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்தான் வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடுகிற இடத்தில் 31 நாள் மாதத்தில் சில நூறு குறையும், குறுகிய மாதம் வந்ததும் ஏறிவிடும். பாதியாக விழுந்து அப்படியே கிடந்தால் வட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். போன மாத மீதி அசலை வட்டி விகிதத்தால் பெருக்கி 1,200 ஆல் வகுத்துப் பாருங்கள். 9,81,273க்கு 10 சதவீதம் என்றால் 8,177. தவணையில் அது போக நிற்பது அதே 820.

காலம் நீள வேண்டாம் என்றால் தவணையை ஏறக்குறைய 9,629 ஆக்கச் சொல்லிக் கேட்கலாம்; 228 மாதத்திலேயே முடியும்.

தூரத்து விளக்கு:
எனக்கும் மாதாமாதம் நினைவூட்டல் வருகிறது. அதில் "மீதி" என்று காட்டுகிற தொகை, நான் வாங்கிய கடனைவிட அதிகம்! இரண்டு வருடமாகக் கட்டுகிறேன். என்னை ஏமாற்றுகிறார்களா?

பழைய காசாளர்:
இனிக் கட்ட வேண்டிய எல்லாத் தவணைகளின் கூட்டுத்தொகையாக இருக்கலாம்; வராத வட்டியும் அதில் சேர்ந்திருக்கும். இன்றே கடனை முடிக்க எவ்வளவு என்று கேளுங்கள். கணக்கு அறிக்கையில் அசல் பாக்கி தனிப் பத்தியில் இருக்கும், அதையும் பாருங்கள்.

தூரத்து விளக்கு:
அறிக்கையில் அசலும் வட்டியும் பிரிக்காமல் ஒரே தொகையாக இருக்கிறதே.

மழைக்குருவி:
பிரித்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. தவணையை 9,629 ஆக்கச் சொல்லி நானும் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இந்த மாதமும் 8,997தான் போயிருக்கிறது; அசலில் கழிந்தது 827.