கடிதத்தில் மாதம் 50,000, வங்கியில் எவ்வளவு?

மார்த்தாண்டம்_அண்ணன்:
என் தங்கைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரின் ஒரு பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். அதன் மாதக் கட்டத்தில் பேசிக் 22,000, ஹெச்ஆர்ஏ 11,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 7,000, எம்ப்ளாயர் பிஎஃப் 2,640, கிராஜுவிட்டி 1,058, இன்சூரன்ஸ் 802, வேரியபிள் பே 5,500 என்று இருக்கின்றன. கீழே மொத்தம் 50,000, ஆண்டுக்கு 6,00,000. அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். கல்விக் கடன் தவணை 9,500-ஐயும் சேர்த்து அவள் மாதம் 25,000 அனுப்பிவிடுவாள் என்று எதிர்பார்க்கிறார். மாதாமாதம் அவள் கைக்கு எவ்வளவு வரும்?

தக்கலை_வாசகன்:
மாதம் 50,000 என்று கடிதமே சொல்லும்போது குழப்பத்துக்கு இடமில்லை. அவள் பங்கு பிஎஃப் 2,640-ஐக் கழித்தால் 47,360 வரும். 25,000 அனுப்பிய பிறகும் அவளிடம் 22,000-க்கு மேல் நிற்கும். அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்_பேரோல்:
தக்கலை நண்பர் பிஎஃபைக் கழித்தது சரி. ஆனால் கழிக்கத் தொடங்கிய இடம் சரியில்லை. நான் பல ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருக்கிறேன். 50,000 என்பது நிறுவனம் அவளுக்காக ஒதுக்கும் முழுச் செலவைப் பன்னிரண்டால் வகுத்த எண். ஒரு தொகை மாதக் கட்டத்தில் அச்சாகியிருப்பதனாலேயே அது மாதந்தோறும் வங்கிக்கு வந்துவிடாது. இந்தப் பட்டியலிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம்; 22,000-க்கு அது 1,058 வருகிறது. அதை எந்த நிறுவனமும் மாதச் சம்பளத்தோடு தருவதில்லை. நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் முடித்து வெளியேறும்போதுதான் தருவார்கள். ஆனாலும் அது மாதக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்சூரன்ஸ் 802 காப்பீட்டு நிறுவனத்துக்கும், எம்ப்ளாயர் பிஎஃப் 2,640 வருங்கால வைப்பு நிதிக்கும் நேரே போய்விடும்.

ஆகவே மாதச் சம்பளமாகக் கணக்குக்கு வருபவை பேசிக், ஹெச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் ஆகிய மூன்றும்தான். அவற்றின் கூட்டுத்தொகை 40,000. இதிலிருந்து அவள் பங்கு பிஎஃப் 2,640-உம் கர்நாடகத் தொழில்வரி 200-உம் போனால் 37,160 நிற்கும். வேரியபிள் முழுதாகச் சேர்ந்தாலும் ஆண்டு வருமானம் 5,46,000-தான் என்பதால், இப்போதைய புதிய வரி முறையில் வருமான வரிப் பிடித்தம் இராது.

37,160-இல் 25,000 அனுப்பினால் அவளிடம் 12,160 மிஞ்சும். பெங்களூரில் பிஜி வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும் என்பதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

குளச்சல்_கரை:
தொழில்வரி மாதம் 200 என்பது தவறு. எங்கள் பள்ளியில் அரையாண்டுக்கு ஒருமுறைதான் பிடிக்கிறார்கள், நாகர்கோவிலிலும் அப்படித்தான்.

நாகர்கோவில்_பேரோல்:
தமிழ்நாட்டில் நீங்கள் சொல்வதே நடைமுறை, ஐயா. ஆனால் வேலை செய்யும் இடம் எந்த மாநிலமோ அந்த மாநில விதிதான் பொருந்தும். தங்கை பெங்களூரில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே மாதந்தோறும் 200, பிப்ரவரியில் மட்டும் 300.

குலசேகரம்_தம்பி:
வேரியபிளை முழுவதும் தள்ளிவிட்டது எனக்கு நியாயமாகப்படவில்லை. நான் திருவனந்தபுரத்தில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன்; என் வேரியபிள் மாதச் சம்பளத்தோடுதான் வருகிறது. இலக்கை எட்டாத மாதத்தில் குறையுமே தவிர, வராமல் இருந்ததில்லை. கடிதத்தில் மாதம் 5,500 என்று இருக்கும்போது பாதியையாவது சேர்க்க வேண்டாமா?

நாகர்கோவில்_பேரோல்:
விற்பனை வேலையில் அப்படித் தருவது உண்டு, தம்பி. காலாண்டுக்கு ஒருமுறை தருபவர்களும் உண்டு. எந்த முறை என்பதை அந்தத் தொகையின் கீழுள்ள அடிக்குறிப்புதான் சொல்லும். ஸ்கிரீன்ஷாட்டில் வேரியபிள் வரிசையில் உடுக்குறி ஏதாவது இருக்கிறதா என்று அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.

மார்த்தாண்டம்_அண்ணன்:
5,500-க்குப் பக்கத்தில் இரண்டு உடுக்குறிகள் இருக்கின்றன. படம் மொத்தத் தொகையோடு முடிந்துவிட்டதால் தங்கையிடம் முழு பிடிஎஃப் கேட்டு வாங்கினேன். அடுத்த பக்கத்தில் சிறிய எழுத்தில், வேரியபிள் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான மதிப்பீட்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் சம்பளத்தோடு தரப்படும் என்றும், வழங்கும் நாளில் பணியில் இருப்பவருக்கே உரியது என்றும் இருக்கிறது. அவள் ஜூலை 1-இல் சேர்கிறாள்.

நாகர்கோவில்_பேரோல்:
அப்படியானால் முதல் சம்பளத்திலிருந்து அடுத்த மே மாதச் சம்பளம் வரை வேரியபிளில் ஒரு ரூபாயும் வராது. முதல் ஆண்டில் அவள் வேலை செய்வது 9 மாதம் என்பதால், முழு மதிப்பீடு கிடைத்தாலும் 66,000-இல் முக்கால் பங்கான 49,500-தான் கணக்கு. நிறுவனம் 80 சதவீதம் மட்டும் வழங்கினால் 39,600 ஆகிவிடும். ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு முதல் சுற்றில் வேரியபிளே கிடையாது என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே ஜூலையில் சேருபவருக்கு மாத விகிதத்தில் கிடைக்குமா என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு பேச்சோடு போய்விடும்.

தக்கலை_வாசகன்:
என் 47,360 நிற்காது என்று விளங்குகிறது. ஆனாலும் குடும்பத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஜூனில் மொத்தமாக வரும் தொகை வரம்தான். நம் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் பால்வெட்டு நின்று, அப்பாவுக்கு நாள்கூலி இல்லாமல் போகும். அந்த மாதத் தவணைகளுக்கு அதை ஒதுக்கி வைக்கலாமே?

நாகர்கோவில்_பேரோல்:
வந்த பிறகு ஒதுக்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. வருவதற்கு முன்பே அதை நம்பித் தவணையைத் திட்டமிடுவதைத்தான் மறுக்கிறேன். மே மாதம் அவள் வேறு வேலைக்கு மாறினால், இந்த அடிக்குறிப்பின்படி அந்த 49,500-உம் கிடையாது. வங்கியோ தவணைத் தேதியை மாற்றப் போவதில்லை.

குலசேகரம்_தம்பி:
கைக்கு வருவதைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. பிஎஃபை முழு பேசிக்குக்குப் பதிலாக 15,000 உச்சவரம்புக்கு மட்டும் பிடிக்கச் சொன்னால் 1,800-தான் போகும். என் நிறுவனத்தில் அப்படித்தான்.

நாகர்கோவில்_பேரோல்:
சேரும்போதே அந்தத் தேர்வைத் தரும் நிறுவனங்கள் உண்டு. அவள் பங்கில் 840 குறையும். நிறுவனத்தின் பங்கில் குறையும் 840-ஐ ஸ்பெஷல் அலவன்ஸாக மாற்றித் தந்தால், கைக்கு மொத்தம் 38,840 வரும். மாற்றித் தராவிட்டால் அந்த 840 அவளுக்கு இழப்பு. கேட்கும்போது இந்த இரண்டாவது பாதியைச் சேர்த்தே கேட்க வேண்டும்.

குளச்சல்_கரை:
பிஎஃபைக் குறைப்பதை நான் ஒப்பமாட்டேன். இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 5,280 அவள் பெயரில் சேருகிறது. அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போனாலும் மிச்சம் வட்டியோடு வளரும். 1,680 ரூபாய்க்காக அதைக் கெடுக்கலாமா?

மார்த்தாண்டம்_அண்ணன்:
ஐயா, அவள் கையில் நிற்கப்போகும் 12,160-இல் இந்த 1,680 சேர்ந்தால் பிஜி வாடகைக்காவது உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளோ பிஎஃப் முழுதாகவே போகட்டும் என்கிறாள். இன்று இரவு அப்பாவிடம் 25,000-க்குப் பதிலாக 18,000 என்று பேசப் போகிறேன். வேரியபிள் பற்றிய மின்னஞ்சலை அவள் அனுப்பிவிட்டாள். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.