ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் எர்த்துக்கு வோல்ட் காட்டுகிறது, ஏன்?

சால்டர்முனை: எஸ்எம்பிஎஸ் போர்டு பழுது பார்க்கும் மேசைக்கு 230க்கு 230, 500 விஏ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன். செகண்டரியின் இரு முனைகளுக்கு நடுவே 230 சரியாக வருகிறது. ஆனால் ஒரு முனையிலிருந்து எர்த்துக்கு 110, இன்னொன்றிலிருந்து 75 என்று மீட்டர் காட்டுகிறது. இன்சுலேஷன் போய்விட்டதா? லைன் இரைச்சலும் கொஞ்சம்தான் குறைந்தது.

நடுக்கம்பி: ஒரு முனையை எர்த்தில் கட்டுங்கள். இரண்டும் சரியாகிவிடும்.

சுருள்காரன்: பழுது பார்க்கும் மேசையில் அப்படிச் செய்யாதீர்கள். தரையில் நின்று ஒரு கம்பியைத் தொட்டால் மின்னோட்டம் திரும்ப வழியில்லை என்பதுதான் இந்தப் பெட்டியின் பாதுகாப்பே. ஒரு முனையை எர்த்தில் கட்டினால் அந்த வழி திறந்துவிடும். மறுமுனையைத் தொட்டால் முழு 230. பிரைமரி பக்கம் இருக்கும் ஆர்சிசிபியும் விழாது. அளவுக்கருவிகளுக்கு இரைச்சல் குறைக்க மட்டும் வைப்பவர்கள் ஒரு முனையை எர்த் செய்வதுண்டு, ஆனால் அதற்குப் பிறகு செகண்டரியில் தனி ஆர்சிசிபி வேண்டும்.

உங்கள் மீட்டரில் தெரிவது பெரும்பாலும் சுருள்களுக்கு இடையிலும் இரும்புக்கும் உள்ள கொள்ளளவு வழியாக வருவது. 500 பிகோஃபாரட் என்றாலே 50 ஹெர்ட்ஸில் 6 மெகாஓம் சுமார். மீட்டரோ 10 மெகாஓம், அதனால் இந்தத் துளி மின்னோட்டத்தையும் பெரிதாகக் காட்டும். சப்ளையை அணைத்து, 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டரை முனைக்கும் எர்த்துக்கும் நடுவே கிளிப் போட்டு, மீட்டரையும் அதன்மேல் மாட்டி, பிறகு ஆன் செய்யுங்கள். சில வோல்ட்டுக்கு இறங்கினால் நல்லது. இறங்காமல் நின்றால் கசிவு உண்மை, பயன்படுத்தாதீர்கள். இரு முனையையும் தனித்தனியே பாருங்கள்.

பழையரேடியோ: என்னிடம் வேரியாக் இருக்கிறது. அதுவும் டிரான்ஸ்ஃபார்மர்தானே, போதாதா சார்?

சுருள்காரன்: போதாது ஐயா. வழக்கமான வேரியாக்கில் ஒரே சுருள்தான், லைனோடு நேரடித் தொடர்பு அப்படியே இருக்கும். வேண்டுமானால் ஐசொலேஷனுக்குப் பின்னால் வையுங்கள்.

சால்டர்முனை: ரெசிஸ்டரோடு 2 வோல்ட்டுக்குக் கீழே, இரு முனையிலும். நன்றி. பெட்டிக்குள் பச்சை மஞ்சள் கம்பி ஒன்று டேப் சுற்றித் தனியாகக் கிடக்கிறது.

சுருள்காரன்: அது சுருள்களுக்கு நடுவே உள்ள திரையின் கம்பியாக இருக்கலாம். சப்ளையைக் கழற்றிவிட்டு, இரு சுருளோடும் அதற்குத் தொடர்பு இல்லை என்று ஓம் மீட்டரில் உறுதி செய்த பிறகே எர்த்தில் இணையுங்கள். இரு கம்பிகளிலும் ஒன்றாக ஏறி வரும் இரைச்சலைத் திரை எர்த்துக்கு இறக்கிவிடும். கம்பிகளுக்கு நடுவே வரும் இரைச்சலில் பெரும்பங்கு மின்சாரத்தோடு சேர்ந்தே கடந்துவிடும், அதற்கு லைன் ஃபில்டர் வேண்டும்.

இன்னொன்று, ஸ்கோப்பின் எர்த் கிளிப்பைப் போர்டின் ஹாட் பக்கம் போட்ட நொடியிலிருந்து அந்தப் புள்ளி எர்த்தாகிவிடுகிறது. அதன்பின் மற்ற இடங்களைத் தொட்டால் ஷாக் உண்டு. இரு கைகளால் இரு முனைகளைத் தொட்டால் எப்போதும் உண்டு.

சால்டர்முனை: திரையை இணைத்ததும் சர்ர் சத்தம் நன்றாகக் குறைந்தது. பக்கத்து மேசை டிரில் ஓடும்போது வரும் டிக் டிக் மட்டும் போகவில்லை. ஃபில்டரை டிரில் பக்கம் போடுவதா, என் பக்கம் போடுவதா?

நடுக்கம்பி: டிரில் பக்கம்தான் என்று நினைக்கிறேன். காற்று வழியாகவும் வரலாம், அதையும் பாருங்கள்.