நெஞ்சுல ராடு இருக்கையில செயின் எங்க கிடந்துச்சு?

பேட்டைக்காரன்

செயின், ரப்பர் பேண்ட் போட்டு பெஞ்ச் பிரஸ் அடிக்கிறதுல பார்த்ததை எழுதுங்க. நானே தொடங்குதேன்.

140 கிலோ ஒரு ரெப் போடுற பையன். ராடோட ரெண்டு பக்கமும் 16 மில்லி செயின், ஒவ்வொண்ணும் ஒன்றரை மீட்டர். கடைத் தராசுல பக்கத்துக்கு எட்டரை கிலோ காட்டுச்சு. ரெண்டுஞ் சேத்து 17 கிலோ மேல போகப் போக ஏறும்னுதான் கணக்கு. செயினை மடிச்சு, கல்யாண வீட்டு மாலை மாதிரி ராடு மேல போட்டாச்சு. மூணாவது ரெப்புல கீழ குனிஞ்சு பாத்தேன். ராடு நெஞ்சுல கிடக்கு, தரையில ரெண்டு மூணு கண்ணி கூடக் கிடக்கலை. மிச்சம் அம்புட்டும் அந்தரத்துல ஆடுது. அப்புறம் எதுக்கு அந்தச் சத்தம்?

குறிச்சி வாத்தியார்

அண்ணாச்சி, டேப் எடுத்து அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். பெஞ்ச் உயரம் 44 செ.மீ. வைத்துக்கொள்வோம். படுத்தவர் நெஞ்சில் ராடு தொடும்போது தரையிலிருந்து சுமார் 68. கை நீட்டி முடிக்கும்போது 103. ஆக, ராடு நடப்பது 35 செ.மீ. தான்.

நீங்கள் சொன்ன மாதிரி மடித்துப் போட்டால், ஒவ்வொரு வாலும் 75 செ.மீ. தொங்கும். நெஞ்சில் ராடு இருக்கும்போது ஒரு வாலில் 7 செ.மீ. மட்டும் தரையில். இரண்டு வாலும் சேர்ந்து 14 செ.மீ., அதாவது 800 கிராம். ராடு 7 செ.மீ. எழும்பியதும் அதுவும் போயிற்று. பக்கத்துக்கு 7.7 கிலோவிலிருந்து 8.5 வரை, அவ்வளவுதான் மாற்றம். மீதி எல்லாம் ப்ளேட் போட்ட மாதிரியே, கூடவே ஊஞ்சலாடும்.

செய்ய வேண்டியது: ராட்டில் மெல்லிய செயினோ நைலான் பெல்டோ ஒன்று தொங்க வேண்டும். அதன் முனையில் டி ஷேக்கிள். கனமான செயின் அந்த ஷேக்கிளில் இருந்து தொங்கட்டும். ராடு நெஞ்சில் இருக்கும்போது ஷேக்கிள் தரைக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்க வேண்டும். நீளத்தை நெஞ்சில் ராடு இருக்கும் நிலையில்தான் அளக்க வேண்டும், ரேக்கில் இருக்கும்போது அளந்தால் தப்பாகிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: எத்தனை இழையாகத் தொங்குகிறது என்பது. மடித்து இரண்டு இழையாக விட்டால், ராடு 35 செ.மீ. எழும்போது 70 செ.மீ. செயின்தான் தரையைவிட்டு எழும். மீட்டருக்கு 5.7 கிலோ என்றால் பக்கத்துக்கு 4 கிலோ. மீதி பாதிச் செயின் மேலே போகும்போதும் தரையிலேயே படுத்திருக்கும். அதையே நான்கு இழையாக மடித்துக் கோத்தால் 140 செ.மீ. எழும்பும், பக்கத்துக்கு 8 கிலோ. இரண்டு பக்கமும் 16. அவர் போட்ட 17 கிலோவுக்கு இப்போதுதான் வேலை இருக்கிறது. கை முழுதாக நீண்ட லாக்அவுட்டில் கடைசிக் கண்ணி தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் ஆட்டமும் குறையும்.

களக்காட்டு வாழை

வாத்தியாரே, கணக்கு சரி. ஆனா எல்லாச் செயினும் மீட்டருக்கு 5.7 கிடையாது. 10 மில்லின்னா ரெண்டு கிலோ சொச்சம்தான். கண்ணி நீளமா இருக்கற செயின் அதே தடிமன்ல எடை குறைஞ்சிருக்கும். பழைய இரும்புக் கடையில வாங்குனதா இருந்தா துருவைத் தட்டிட்டு, ரெண்டையும் தனித்தனியா எடை போடுங்க. 16 மில்லியில ஒரு கண்ணி கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். ஒரு பக்கம் ரெண்டு கண்ணி கூடினா அரைக் கிலோ. வெறும் ப்ளேட்டுல அரைக் கிலோ வித்தியாசம் தெரியாது. செயினா ஆடும்போது தெரியும்.

பணகுடி காத்து

எனக்கு முதுகுக்குப் பின்னால பேண்டைப் போட்டு, ரெண்டு கையிலயும் பிடிச்சு புஷ்அப் எடுத்தா நல்லா ஏறுது. இதுக்கும் செயினுக்கும் ஒண்ணுதானே? பேண்ட் கழுத்துக்கு நழுவிக்கிட்டே இருக்கு, அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க.

ஜங்ஷன் ரேக்

பணகுடி, பேண்டை அக்குளுக்குக் கீழ, தோள்பட்டை எலும்புக்குக் குறுக்க போடும். உள்ளங்கையால மிதிச்சுப் பிடியும். முடிஞ்சது. இங்க பேசுறது வேற.

இப்ப பேண்ட் கதை. 41 இஞ்ச் வளையம், 13 மில்லி அகலம். 20 கிலோ உருண்டை டம்பெல்லோட கைப்பிடிக்கு அடியில பேண்டை விட்டு, ரெண்டு முனையையும் ராடுல மாட்டியிருந்தாவ. மாட்டுனது சரிதான். ஏன்னா ஒத்தையா விட்டா அது 104 செ.மீ. நீளம், ராடு 103-லதான் முடியுது, இழுவையே வராது. ரெட்டையா மடிச்சா 52. நெஞ்சுலயே இழுவை வந்துரும்.

தப்பு நடந்தது கீழ. லாக்அவுட்டுல இழுவை பக்கத்துக்கு 18 கிலோ. டம்பெல்லு 20. ரெண்டு கிலோதான் மிச்சம். பேண்ட் கைப்பிடியோட நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருந்துச்சு. கடைசி ரெப்புல அந்த ஓரம் அரைச் சாண் தூக்கி, மறு ஓரத்துல சாஞ்சு, உருண்டு பெஞ்சுக் காலுல வந்து முட்டுச்சு. வலது பக்கம் இழுவை ஒரு நொடி தளர்ந்துச்சு, ராடு இடது பக்கம் சாஞ்சிருச்சு. ஸ்பாட்டர் ரெண்டு பேர் இருந்ததால ஒண்ணும் ஆகலை. அந்த உருண்ட சத்தம் இப்பவும் காதுல நிக்கி.

ஆறுமூலை டம்பெல்லா 35 கிலோவுக்கு மேல வைங்க, இல்லாட்டி ரேக்கோட அடிக்கட்டையில பேண்ட் மாட்டுற கம்பியிலயே மாட்டுங்க. ராடுல பேண்டை மாட்டுனதுக்கு வெளிய காலர் போடாம தூக்கக் கூடாது. கழட்டும்போது முதல்ல ரெண்டு பக்கத்து பேண்டும், அப்புறம்தான் ப்ளேட். ப்ளேட்டை முதல்ல ஒரு பக்கம் உருவுனா, மறுபக்கம் பேண்டும் ப்ளேட்டும் சேந்து ராடைச் சாய்ச்சு எறிஞ்சிரும்.

மேலப்பாளையம் 66

ஏன் இம்புட்டு சுத்து? செயின் எதுக்குன்னா நெஞ்சுல இருந்து கிளம்பாம ஒட்டிக்கிற ஆளுக்கு. அவனுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். நாலு வாரம் செயின் போட்டா நெஞ்சுல இருந்து சீறிப் போவும்.

குறிச்சி வாத்தியார்

66, பாதி சரி, பாதி தலைகீழ். செயின் போட்டால் நெஞ்சில்தான் எடை குறைவு, மேலேதான் கூடுதல். நெஞ்சில் ஒட்டிக்கொள்பவருக்கு நீங்கள் அவர் பலவீனமான இடத்தையே இலேசாக்கித் தருகிறீர்கள். அவருக்கு நெஞ்சில் ஒரு நொடி, இரண்டு நொடி நிறுத்தி அடிப்பது, அகலப் பிடி, சாதாரண எடையிலேயே கூடுதல் செட் என்பவை பொருந்தும். பேண்டும் செயினும் லாக்அவுட்டுக்குச் சற்று முன் நின்றுவிடுபவருக்கு நேரடியாக உதவும். பெஞ்சுக்கென்றே தைத்த இறுக்கமான சட்டை போட்டு அடிப்பவர்களுக்கு இன்னும் பொருந்தும், ஏனென்றால் சட்டை கீழே தூக்கிக் கொடுத்துவிடும், மேலே கை தனியாக வேலை செய்ய வேண்டும். இந்த முறைகளைப் பெரிதாகப் பரப்பிய ஒஹையோவின் வெஸ்ட்சைட் பார்பெல் ஜிம்மில் பலரும் அப்படிச் சட்டையோடு தூக்கியவர்கள். சட்டையில்லாமல் அடிக்கும் ஆள் அவர்கள் பயிற்சித் தாளை அப்படியே எடுத்துப் போட்டால் பொருந்தாது.

மேலப்பாளையம் 66

அப்ப வேகம்? மேல கனக்கப் போவுதுன்னு தெரிஞ்சா கீழயே சீக்கிரம் தள்ளுவான்லா. அதைத்தான் சொல்லுதேன்.

குறிச்சி வாத்தியார்

அதை மறுக்கவில்லை. முழுத்தள்ளலுக்குப் பழக அது நல்லதுதான். ஆனால் அது நெஞ்சுப் பலவீனத்தைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி. அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

களக்காட்டு வாழை

வேகத்துக்குப் போடணும்னா அளவு தெரியணும், யாரும் சொல்லலையே. வாழைத்தார் நிறுக்கற கொக்கித் தராசு 50 கிலோ வரைக்கும் இருக்குல்லா, அதுல பேண்டை மாட்டிட்டு 68 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடவை, 103-க்கு ஒரு தடவை இழுங்க. ரேக் கம்பத்துல சாக்பீஸால ரெண்டு கோடு போட்டுக்கிட்டா போதும். ஜங்ஷன் சொன்ன 13 மில்லி, ரெட்டையா மடிச்சது, நெஞ்சுல 9, மேல 18 காட்டுது. உங்க பேண்ட் வேற காட்டும், பழசு புதுசுன்னு கூட மாறும். அளந்து பாக்காம யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

இப்ப அந்த 140 பையனுக்கு. ராடும் ப்ளேட்டும் சேத்து 70 கிலோ, பாதி. பேண்ட் ரெண்டு பக்கமும் மேல 36. மூணு ரெப்பா எட்டு ஒன்பது செட், நடுவுல ஒரு நிமிஷத்துக்குக் கம்மியா ஓய்வு. லாக்அவுட்டுல 106 கிலோ. இங்கதான் நெறைய பேரு ஏமாறுறாவ. நெஞ்சுல 70-னு நெனைக்காவ. இல்லை. பேண்ட் அங்கயும் 18 கிலோ இழுக்குது, நெஞ்சுலயே 88. கை மெதுவா வந்தா எடை கூடிப் போச்சுன்னு அர்த்தம். பேண்டை மாத்தாம முதல்ல ப்ளேட்டைக் குறைங்க. செயின்ல இந்தச் சங்கடம் இல்லை, ஷேக்கிளைத் தாழ்த்தி வச்சா நெஞ்சுல கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னொண்ணு, பேண்ட் கீழ இறங்கும்போது ராடைப் பிடிச்சு இழுக்கும். அதனால இறக்குறதை அடக்கிப் பிடிக்கணும், செயினுக்கு அந்த அளவுக்கு வேண்டாம்.

ஜங்ஷன் ரேக்

வலதும் இடதும் ஒரே நாள்ல வாங்குன பேண்டான்னு பாத்துக்கிடுங்க. ஒண்ணு 18, ஒண்ணு 15½ காட்டுனா ராடு 15½ இருக்கற பக்கம் ஒரு விரல் முன்னால போவும், பையன் தோள்பட்டை தப்புன்னு நெனைப்பான். தராசு கையில இல்லைன்னா ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்க. கோணலும் சேர்ந்து மாறிச்சுன்னா பேண்டு. மாறலைன்னா ஆளு.

தகரக் கொட்டகை ஜிம்முல பேண்டை ஆணியில மாட்டித் தொங்க விடாதீய. சித்திரை வெயிலு லேட்டக்ஸைத் தின்னுரும், ஆணி ஓரத்துல சின்னக் கீறல் விழும். விரலுல வளைச்சு ஓரத்தைப் பாருங்க, கோடு கோடா வெடிப்பு தெரிஞ்சா அன்னைக்கே வெட்டி எறிஞ்சிருங்க. வெட்டாம போட்டா இன்னொருத்தன் எடுத்து மாட்டுவான்.

பேட்டைக்காரன்

ஷேக்கிள் போட்டு நாலு இழையா மடிச்சாச்சு. நெஞ்சுல ரெண்டு செ.மீ. மேல நிக்கி. அஞ்சு ரெப்புல ஆட்டம் இல்லை. ஆனா பையன் சொல்லுதான், நடுவுல ஒரு இடத்துல திடீர்னு கனக்குதாம், சீரா ஏறலைன்னு. நாலு இழையும் ஒரே நீளத்துல மடியலையோ?

களக்காட்டு வாழை

இருக்கும். இழை ஒண்ணு சிக்கிக் குவியலா கிடந்தா ஒரே தடவையில நாலஞ்சு கண்ணி எழும்பும். தரையில வரிசையா படுத்திருக்கான்னு ரெப்புக்கு முன்னால குனிஞ்சு பாருங்க. ரப்பர் மேட் மேல கண்ணி பிடிச்சு நிக்கும், பலகை போட்டா வழுக்கும். இல்லைன்னா அவன் அங்கதான் சாதாரண எடையிலயும் நிக்கானான்னு ஒருநாள் செயின் இல்லாம வீடியோ எடுங்க.