கூட்டினால் சரியாக வருகிறது, விடை மட்டும் ஏன் பாதியாக இருக்கிறது?

தண்டையார்பேட்டை அம்மா:
மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. இயற்பியல் பயிற்சித்தாளில் ஒரு கணக்கு: 12 வோல்ட் மின்கலன், அதோடு தொடரில் ஒரு 4 ஓம் மின்தடை. அதற்கு அப்புறம் 6 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பில். ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டம் கேட்டிருக்கிறார்கள்.

அவள் ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட்டை வகுத்தாள். 4 ஓமில் 3 ஆம்பியர், 6 ஓமில் 2, 12 ஓமில் 1. பிரியும் இடத்தில் 2 + 1 = 3 என்று சரிபார்த்தும் விட்டாள். விடைத்தாளிலோ 1.5, 1, 0.5 என்று இருக்கிறது. எல்லாமே சரிபாதி. அச்சுப் பிழை என்று சாதிக்கிறாள். எனக்கும் பிழை பிடிபடவில்லை.

ராயபுரம் எலக்ட்ரீஷியன்:
பாப்பா போட்டது சரிதான் அக்கா. நான் 20 வருஷமாக வயரிங் செய்கிறேன். வீட்டில் ஃபேன், லைட், டிவி எல்லாம் பக்க இணைப்புதான், எல்லாவற்றுக்கும் முழு 230 வோல்ட் போகிறது. பக்க இணைப்பு என்றாலே வோல்ட் குறையாது.

பெரம்பூர் தம்பி, டிப்ளமோ:
மொத்த மின்னோட்டம் 1.5 என்பது சரி, நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அது இரண்டு கிளையாகப் பிரிந்தால் ஆளுக்கு 0.75 தானே வரணும்?

வியாசர்பாடி டியூஷன் சார்:
விடைத்தாள் சரி. அம்மா, உங்கள் மகள் கடைசியில் சரிபார்த்தாள் பாருங்கள், அந்தப் பழக்கம் நல்லது. ஆனால் இந்தக் கணக்கில் அந்தச் சோதனையே அவளை ஏமாற்றிவிட்டது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதில் பாதி சரி. 6 ஓமுக்கும் 12 ஓமுக்கும் ஒரே வோல்ட்தான். ஆனால் அது 12 வோல்ட் அல்ல. வீட்டில் மெயினுக்கும் ஃபேனுக்கும் நடுவில் யாரும் பெரிய மின்தடையை வைப்பதில்லை. இங்கே 4 ஓம் வழியில் உட்கார்ந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

முதலில் பக்க இணைப்பைச் சுருக்க வேண்டும். 1/6 + 1/12 = 3/12, அதாவது 1/4. தலைகீழாக்கினால் 4 ஓம். (இந்த 1/4-ஐ அப்படியே 0.25 ஓம் என்று எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய. பக்க இணைப்பின் விடை இருப்பதில் சிறிய மின்தடையைவிடக் குறைவாக வரும் என்பதால் 0.25 அவர்களுக்கு உறுத்துவதும் இல்லை.) மொத்தம் 4 + 4 = 8 ஓம். 12/8 = 1.5 ஆம்பியர்.

இப்போது 4 ஓமுக்கு 1.5 × 4 = 6 வோல்ட். மீதி 6 வோல்ட்தான் பக்க இணைப்புக்கு. 6/6 = 1 ஆம்பியர், 6/12 = 0.5 ஆம்பியர். தம்பி, சமமாகப் பிரிய இரண்டு மின்தடையும் சமமாக இருக்க வேண்டும். இங்கே 12 ஓம் இரண்டு மடங்கு, அதனால் அதில் பாதிதான் ஓடும்.

சரி, 2 + 1 = 3 எப்படிப் பொருந்தியது? பக்க இணைப்பின் தொகுபயன் மின்தடையும் 4, தொடரில் இருப்பதும் 4. அந்தத் தற்செயல்தான். தொடரில் 5 ஓம் வைத்துப் பாருங்கள். அவள் வழியில் 12/5 = 2.4 வரும், 2 + 1 உடன் ஒட்டாது. அதனால் வோல்ட்டையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் கணக்குப்படி 4 ஓமில் 12, பக்க இணைப்பில் இன்னொரு 12, மொத்தம் 24. மின்கலனில் இருப்பதே 12 தான்.

பெரம்பூர் தம்பி, டிப்ளமோ:
புரிந்தது சார், சமமாகப் பிரியும் என்று நினைத்தது என் தப்பு. ரிச்சி தெருவில் மின்தடை வாங்கி நிஜமாகவே கட்டி, மீட்டரில் காட்டினால் பாப்பாவுக்குப் பதியுமே?

வியாசர்பாடி டியூஷன் சார்:
காட்டலாம், ஆனால் இதே மதிப்பில் வேண்டாம். 4 ஓமில் 1.5 ஆம்பியர் ஓடினால் 9 வாட் வெப்பம். கடையில் கிடைக்கும் கால் வாட் மின்தடை கருகிவிடும். மூன்றையும் கிலோ ஓமில் எடுங்கள், அல்லது அதற்கு நெருங்கிய மதிப்பில். வோல்ட் 6, 6 என்று கிட்டத்தட்ட அப்படியே காட்டும். மின்னோட்டம் மட்டும் மில்லி ஆம்பியரில் வரும்.

ராயபுரம் எலக்ட்ரீஷியன்:
தொடரில் 4 ஓம் இருப்பதை நான் கவனிக்கவில்லை சார். லைன் நீளமாக இழுத்த வீட்டில் மோட்டார் போட்டதும் லைட் மங்குமே, அதுவும் இதே கதைதானா?

வியாசர்பாடி டியூஷன் சார்:
அதேதான் அண்ணே. அங்கே வயரே அந்த 4 ஓமின் வேலையைச் செய்கிறது.

தண்டையார்பேட்டை அம்மா:
24 வோல்ட் என்றதும் மகளே அடித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அடுத்த கணக்கில் இதே படம், ஆனால் 12 ஓமுக்குக் குறுக்கே ஒரு வெறும் கோடு போகிறது. விடை 3 ஆம்பியர் என்கிறார்கள். போன கணக்கில் தப்பான 3 இதில் எப்படிச் சரி?

வியாசர்பாடி டியூஷன் சார்:
அந்தக் கோடு 12 ஓமின் இரண்டு முனையையும் தொட்டால், 6 ஓமின் முனைகளும் அவையேதான். மின்னோட்டம் முழுக்கக் கம்பி வழியே போய்விடும், 6, 12 இரண்டிலும் எதுவும் ஓடாது. மீதி 4 ஓம் மட்டும், 12/4 = 3. முனைகளில் புள்ளி வைத்திருக்கிறார்களா?

தண்டையார்பேட்டை அம்மா:
ஒரு பக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஜெராக்ஸில் மங்கலாக இருக்கிறது சார். நாளைக்கு அவள் டீச்சரிடமே கேட்டு வரச் சொல்கிறேன்.