தொழில் நாள் சுவரொட்டியும் திரும்பியிருந்த ஸ்டெதாஸ்கோப்பும்

வகுப்பாசிரியை:
தொழில் நாள் சுவரொட்டிக்காக ஆறு வயதுச் சிறுமிக்கு வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் அணிவித்துப் படம் எடுத்தோம். ஸ்டெதாஸ்கோப் திரும்பியிருக்கிறது, ஒட்டாதீர்கள் என்று ஒருவர் தடுக்கிறார். குழந்தையின் படத்தில் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?

இரவுப்பணி:
தடுத்தவன் நான்தான். பதினெட்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நம் காதின் துளை நேராக உள்ளே போவதில்லை, மூக்கை நோக்கிச் சற்று முன்புறமாகச் சாய்ந்து போகிறது. அதனால்தான் காதில் செருகும் முனைகளை வளைத்துச் செய்கிறார்கள். மாட்டும்போது அவை முன்னோக்கி இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அவை பின்னோக்கி இருப்பதால், உலோகக் குழாய்கள் சிறுமியின் கன்னத்தின் மேல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மருத்துவமனையில் வேலை செய்யும் எவர் கண்ணுக்கும் முதலில் படுவது அதுதான்.

தூரிகை:
சுவரொட்டியை வடிவமைத்தவன் என்ற முறையில் விளக்குகிறேன். தலைப்புக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பினேன். ஆகவே ஸ்டெதாஸ்கோப்பும் திரும்பித் தெரிவதில் வியப்பில்லை. மாட்டியதில் பிழை எதுவும் இல்லை.

இரவுப்பணி:
கண்ணாடி முன் நின்று பாருங்கள் ஐயா, உங்கள் மூக்கு பிடரிக்குப் போய்விடுகிறதா? இடவலமாகத் திருப்பினால் இடது வலதாகுமே தவிர, முன் பின்னாகாது. நீங்கள் திருப்பியதால் மாறியது வேறொன்று: வழக்கமாக இடது மார்பில் இருக்கும் கோட்டுப் பை இப்போது வலது மார்பில் இருக்கிறது. அதை நான் பெருந்தன்மையோடு விட்டிருந்தேன்.

தூரிகை:
சென்ற ஆண்டு பல் துலக்கும் சுவரொட்டியிலும் இதே பெருந்தன்மையைத்தான் காட்டினீர்கள். அதை நான் நான்கு முறை திருத்த நேர்ந்தது. 1816இல் லாயென்னெக் முதன்முதலில் செய்த கருவி ஒரு காதில் வைத்துக் கேட்கும் குழாய்தான். அதற்கு முன்னோக்கும் இல்லை, பின்னோக்கும் இல்லை. அவர் மருத்துவர் இல்லையா?

இரவுப்பணி:
அப்படியானால் சிறுமியின் கையில் ஒரு மரக்குழாயைக் கொடுத்திருக்கலாமே. இரண்டு காதுக்குமான கருவி 1850களில் வந்தது, நீங்கள் மாட்டிவிட்டிருப்பதும் இரண்டு காதுக்கானதுதான். முனைகள் பின்னோக்கி இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை:
என் மகனுக்குக் காவலர் உடை அணிவித்தபோது தொப்பி மூக்குவரை இறங்கிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. வாடகை உடைகளே இப்படித்தான். கடையை மாற்றிப் பாருங்கள்.

வகுப்பாசிரியை:
உடை வாடகைக்கு எடுத்ததல்ல ஐயா. கோட் ஒரு பெற்றோருடையது, கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டோம். ஸ்டெதாஸ்கோப்பும் அவருடையதே. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: படம் எடுக்கும்போது சிறுமி வட்டைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்து, "ஒன்றுமே கேட்கவில்லை, காது வலிக்கிறது" என்று இரண்டு முறை கழற்றினாள். நாங்கள் சிரித்துவிட்டு மறுபடியும் மாட்டினோம்.

இரவுப்பணி:
நான் இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருப்பதை அந்தக் குழந்தை அப்போதே சொல்லியிருக்கிறது. பின்னோக்கி மாட்டினால் முனை துளையின் சுவரில் போய் முட்டும். ஒலி அடைபடும், காதும் வலிக்கும்.

பழைய மாணவி:
அவசரப்பட வேண்டாம். நான் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இருபக்க வட்டாக இருந்தால், தண்டில் சுழற்றி ஒரு பக்கத்தைத்தான் திறக்க முடியும். மூடிய பக்கத்தை நெஞ்சில் வைத்தால் முனைகள் சரியாக இருந்தாலும் ஒன்றும் கேட்காது. காதில் மாட்டிக்கொண்டு சவ்வை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வலிக்கும் வேறு காரணம் இருக்கலாம்: பெரியவர்களின் கருவியில் இருக்கும் வில் சிறு தலையை இறுக்கிப் பிடிக்கும். இவை எதையும் படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இரவுப்பணி:
வட்டின் கதை வேறு. முனைகளின் திசை படத்திலேயே தெரிகிறது. இரண்டாம் ஆண்டில் நானும் எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பழைய மாணவி:
பதினெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர், முழுக்கை வெள்ளைக் கோட்டைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நோயாளியைத் தொடும் இடத்தில் முழங்கைக்குக் கீழ் துணி கூடாது என்று இங்கிலாந்தில் 2007இலேயே அறிவித்துவிட்டார்கள். குழந்தைகள் வார்டில் பலர் கோட்டே போடுவதில்லை. காதுமுனைக்கு இத்தனை கண்டிப்பு, கைக்கு ஏன் இல்லை?

இரவுப்பணி:
கோட் இல்லாவிட்டால் அது மருத்துவர் படம் என்று சுவரொட்டியைப் பார்ப்பவருக்கு எப்படிப் புரியும்? கோட் ஓர் அடையாளம். முனை பின்னோக்கி இருப்பது பிழை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

தூரிகை:
ஆக, உங்களுக்குத் தெரிந்தது பிழை, தெரியாதது அடையாளம். குறித்துக்கொண்டேன்.

வகுப்பாசிரியை:
நாளை மறுபடியும் படம் எடுக்கிறோம். காதுமுனைக்காக அல்ல, கோட்டுப் பை வலது பக்கம் இருப்பது எனக்கே உறுத்துகிறது. இம்முறை ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிடப் போகிறோம். முனை எந்தத் திசையில் இருந்தால் என்ன?

இரவுப்பணி:
கழுத்தில் தொங்கவிட்டாலும் முனைகள் தெரியும்.